விநியோகம் தள்ளிப்போகிறது: வாடிக்கையாளருக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்

வியாசர்பாடி பட்டறை | ஜூலை 22, செவ்வாய், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் இரும்பு அலமாரி, பீரோ செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பெரம்பூரில் பணிபுரியும் பெண்களுக்கான விடுதி ஒன்றைப் புதிதாகத் தொடங்கும் ஓர் அம்மையார், தம் வீட்டிற்கு நான் முன்பு செய்து கொடுத்த பீரோவின் தரத்தை நம்பி, 40 அலமாரிகளுக்கு ஆர்டர் கொடுத்துப் பாதித் தொகையை முன்பணமாகவும் தந்திருக்கிறார். ஜூலை 25, வெள்ளிக்கிழமை தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டேன்.

பவுடர் கோட்டிங் வேலையை எப்போதும் வெளியில்தான் கொடுப்போம். முதல் தவணையாக வந்த 16 அலமாரிகளுக்குப் பூட்டும் கீலும் மாட்டி முடித்துவிட்டோம். நேற்று வந்த 24 அலமாரிகளில் கதவு ஓரத்தை நகத்தால் சுரண்டினாலே பூச்சு தோல் போல உரிந்து வருகிறது. அனைத்தையும் திருப்பி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை தந்துவிடுவதாகக் கோட்டிங்காரர் சொல்கிறார். நாளை காலை அம்மையாருக்கு அனுப்புவதற்காக எழுதிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய அம்மையீர், தவிர்க்க முடியாத சில காரணங்களால் தங்கள் ஆர்டரில் சிறு தாமதம் ஏற்பட்டுள்ளது. கோட்டிங் செய்பவரின் கவனக்குறைவே இதற்குக் காரணம். பொருட்கள் 29ஆம் தேதி வாக்கில் அனுப்பி வைக்கப்படும். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்."

இது போதுமா? அவர் மனம் கோணாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

எர்ணாவூர் இளவல் | இரவு 9.05

அண்ணா, 24 அலமாரிக்கான கூலியை அவருக்குக் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பியபோது சலானில் "பூச்சு உரிகிறது" என்று எழுதிக் கையொப்பம் வாங்கினீர்களா? வாங்காவிட்டால் நாளை அவர் மறுத்துப் பேசுவார். நஷ்ட ஈடு கேட்டுத் தனியாகக் கடிதம் எழுதுங்கள்.

வியாசர்பாடி பட்டறை | இரவு 9.12

தம்பி, கையொப்பம் வாங்கியிருக்கிறேன், புகைப்படமும் இருக்கிறது. அவரிடம் பேச வேண்டியதைப் பிறகு பேசிக்கொள்கிறேன். நான் கேட்பது விடுதி அம்மையாருக்கு எழுத வேண்டியதைப் பற்றி.

ஜீரோ கேட் டிரான்ஸ்போர்ட் | இரவு 9.30

இருபது ஆண்டுகளாகக் காசிமேட்டிலிருந்து வண்டி அனுப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். காரணத்தை நீட்டி எழுதாதீர்கள். ஒரே வரி போதும். பூச்சு உரிந்தது என்று எழுதினால், மற்ற அலமாரிகளும் உரியுமோ என்ற சந்தேகத்தை நீங்களே அவர் மனத்தில் விதைக்கிறீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வண்டி சிக்கிக்கொண்டது என்று எழுதுங்கள். வடசென்னையில் அதை நம்பாதவர் யாரும் இல்லை.

கொள்முதல் மேசை | இரவு 10.15

மணலியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட கடிதங்களை எழுதும் இடத்தில் அல்ல, வாங்கிப் படிக்கும் இடத்தில் இருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் டிரான்ஸ்போர்ட் நண்பர் சொன்னது. காரணம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அவர் சொல்லும் காரணம் நிற்காது. வியாசர்பாடியிலிருந்து பெரம்பூருக்குப் போகும் குட்டி யானை துறைமுகச் சாலையை மிதிக்கவே மிதிக்காது. பெரம்பூரில் குடியிருப்பவருக்கு அது தெரியாமலா இருக்கும்? மேலும், நெரிசலால் ஒரு நாள் தள்ளிப்போகலாம், நான்கு நாள் தள்ளிப்போகாது. காரணத்தின் அளவும் தாமதத்தின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கடிதத்தைப் படித்த உடனேயே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இனி உங்கள் வரைவு. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கிய கடிதங்களில் பெரும்பாலானவற்றின் காரணம் தவிர்க்கக் கூடியதாகவே இருந்தது. அடுத்த வரியிலேயே கவனக்குறைவு என்று நீங்களும் எழுதியிருப்பதால் இரண்டு வரிகளும் முட்டிக்கொள்கின்றன. "தாமதம் ஏற்பட்டுள்ளது", "அனுப்பி வைக்கப்படும்" என்பவற்றில் செய்கிறவர் யார் என்பதே இல்லை. தாமதம் மழையைப் போலத் தானாக வந்து இறங்கியதாகத் தொனிக்கிறது. "நான் 25ஆம் தேதி தருவதாகச் சொன்ன அலமாரிகளை அன்று முழுமையாகத் தர இயலாது" என்று எழுதுங்கள். கோட்டிங்காரரை அந்த அம்மையார் அறியார். அவர் பணம் கொடுத்தது உங்களிடம்.

எல்லாவற்றையும்விட "29ஆம் தேதி வாக்கில்" என்பதில் உள்ள "வாக்கில்" ஆபத்தானது. நீங்கள் 31 வரைக்கும் இடம் வைத்து எழுதியிருப்பீர்கள்; அவர் 28ஆம் தேதியே ஆள் வைத்து அறையைத் துடைத்து வைத்திருப்பார். "ஓரிரு நாளில்", "கூடிய விரைவில்" என்பவையும் அப்படித்தான்.

அந்த 29ஆம் தேதி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லுங்கள். கோட்டிங்காரர் திங்கள் என்றார், நீங்கள் ஒரு நாள் கூட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதானா? பூட்டு, கீல் மாட்டக் கணக்கு வைத்தீர்களா? இன்னொன்று: விடுதியில் பெண்கள் குடிவரும் நாள் எது?

வியாசர்பாடி பட்டறை | இரவு 10.40

ஐயா, உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவுதான் கணக்கு. பூட்டு, கீல், உள்தட்டு, கண்ணாடி மாட்டிக் கதவைச் சமன் செய்வதற்கு மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எட்டு அலமாரிதான் முடியும். அப்படிப் பார்த்தால் 24க்கு மூன்று நாள் வேண்டும். ஆகஸ்ட் 1 முதல் குடிவருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்; எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

கொள்முதல் மேசை | இரவு 11.00

அப்படியானால் 29 என்பது எழுதும்போதே பொய்த்துப்போன தேதி. முதல் தாமதத்தை எந்த வாடிக்கையாளரும் பொறுத்துக்கொள்வார். புதிதாகக் கொடுத்த தேதியும் தவறினால், அதன் பிறகு நீங்கள் எது சொன்னாலும் அவர் காதில் ஏறாது. எங்கள் அலுவலகத்தில் முதல் தேதி தவறியவருக்கு நினைவூட்டல் போகும். இரண்டாம் தேதியும் தவறியவருக்குப் போகாது. வேறு ஆளைத் தேடத் தொடங்கியிருப்போம்.

கடிதத்திற்கு முன் நாளைக் காலை இரண்டு வேலைகளை முடியுங்கள். ஒன்று, தயாராக இருக்கும் 16 அலமாரிகளின் பூச்சையும் சோதியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகாமலோ, பாஸ்பேட் சரியாகப் பிடிக்காமலோ பூச்சு ஏறியிருந்தால்தான் இப்படி உரியும். தொட்டியில் மருந்து நீர்த்துப்போயிருந்தால் அது 24இல் மட்டும் தொடங்கியிருக்கும் என்பதற்கு என்ன உறுதி? கீழ்த்தட்டின் உட்புறம், கண்ணுக்குப் படாத இடத்தில் பிளேடால் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் அந்த அலமாரியை அனுப்பாதீர்கள். இரண்டு, அம்மையாருக்குத் தொலைபேசியில் பேசி, முதல் நாள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் தாமதத்தால் அவருக்கு உண்மையில் எந்த நாளில் எத்தனை அலமாரி குறைகிறது என்று தெரியாமல் புதிய தேதியைக் குறிக்க முடியாது.

மின்ட் தெரு அச்சகம் | ஜூலை 23, புதன், காலை 7.20

தொலைபேசியில் பேசுங்கள் என்று ஐயா சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன், அண்ணா. ஒரு முறை திருமணப் பத்திரிகை வேலையில், தங்கத் தாள் ஒட்டும் இயந்திரம் பழுதாகி நான்கு நாள் தள்ளிப்போனது. நேரில் சொல்லக் கூசி இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன். பெண்ணின் தந்தை காலையில் கடைக்கு வந்து, "நாலு நாளா? ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டியவன் நான், நீங்கள் தேதியை மாற்றுகிறீர்கள், முகூர்த்தம் மாறுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்து அச்சகத்தில் கூடுதல் கூலி கொடுத்து, வெளியூர் உறவினருக்கான 150 பத்திரிகைகளை மட்டும் அன்றே அடித்துத் தந்தேன். மீதி நான்கு நாள் கழித்துப் போனது.

எங்கள் தொழிலில் புதிய தேதி என்பதற்கே பொருள் இல்லாத வேலைகள் உண்டு. உங்களுடையது அப்படி இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் முதல் 150 யாருக்கு என்பதை நீங்களும் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை கணக்கர் | காலை 9.10

ஒரு சட்ட எச்சரிக்கை. "தவறு என்னுடையது" என்று எழுத்தில் கொடுக்காதீர்கள். அது பிற்காலத்தில் ஒப்புதல் வாக்குமூலமாகும். பொருளை அவர் தாமதமாகவே பெற்றுக்கொண்டாலும், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி அதன் பிறகு நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஆகவே பேசாமல் பொருளை இறக்கிவிடுவதே பாதுகாப்பு.

கொள்முதல் மேசை | காலை 9.45

கணக்கர் ஐயா சொன்னதில் பாதி சரி. பெற்றுக்கொள்ளும்போதே "நஷ்ட ஈடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று வாங்குபவர் தெரிவித்துவிட்டால் அந்த உரிமை அவரிடமே இருக்கும் என்று அதே பிரிவு சொல்கிறது. தேதியே ஒப்பந்தத்தின் உயிர் என்றிருந்தால், தவறிய பகுதியை அவர் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. ஆகவே பேசாமல் இறக்குவது பாதுகாப்பு அல்ல. 63ஆவது பிரிவு, வாங்குபவர் தாமாகவே காலத்தை நீட்டித்துத் தரலாம் என்கிறது. புதிய தேதியை எழுதி, அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுவதுதான் இருவருக்கும் நல்லது.

தவறை ஒப்புக்கொள்வது பற்றி எங்கள் துறையிலேயே இரு கட்சி உண்டு. பெரிய ஒப்பந்தங்களில் வழக்கறிஞரைக் கேட்காமல் எழுதக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 40 அலமாரி விஷயத்தில், "சோதனையில் பூச்சு தேறவில்லை, நான் திருப்பி அனுப்பினேன்" என்பது குற்றத்தை ஏற்பது மட்டுமல்ல, உங்கள் சோதனை நடந்தது என்பதற்கான சான்றும் அதுவே.

தண்டையார்பேட்டை கணக்கர் | காலை 10.00

எழுத்தில் சம்மதம் பெறுவதை ஏற்கிறேன். ஒப்புதல் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

வியாசர்பாடி பட்டறை | பிற்பகல் 1.30

காலையில் 16 அலமாரிகளையும் கீறிப் பார்த்தேன். பதினான்கில் டேப்போடு ஒரு துணுக்குக்கூட வரவில்லை. இரண்டில், வெளிப்பார்வைக்குக் கண்ணாடி போல இருந்தும், கீறிய இடத்தில் ஏழெட்டுச் சதுரங்கள் டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. பூட்டெல்லாம் மாட்டி முடித்த அலமாரிகள். ஐயா சொல்லாவிட்டால் அவையும் வெள்ளிக்கிழமை வண்டி ஏறியிருக்கும். ஆக, கையில் 14, திரும்பப் போக வேண்டியவை 26.

அம்மையாரிடம் பேசினேன். முதலில் அமைதியாகிவிட்டார். பிறகு, ஆகஸ்ட் 1ஆம் தேதி 22 பெண்கள் வருகிறார்கள், மற்றவர்கள் 10ஆம் தேதிக்குப் பிறகுதான் என்றார். "எனக்குத் தேதி முக்கியம் தம்பி, வரும் பெண்கள் துணியைத் தரையில் வைக்கக் கூடாது" என்றார். விவரத்தை இன்று மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கொள்முதல் மேசை | பிற்பகல் 2.10

உங்கள் கடிதம் பாதி எழுதி முடிந்தது. 22 என்பதுதான் இப்போது அச்சாணி. 14ஐ வெள்ளியன்றே கொடுத்துவிட்டால், 31ஆம் தேதிக்குள் இன்னும் எட்டு கொடுத்தால் போதும். எட்டு என்பது உங்கள் ஆட்களின் ஒரு நாள் வேலை. கோட்டிங் திங்களன்று வந்தால் செவ்வாய் மாட்டி, புதனன்று எட்டும் தயார். ஆனால் கடிதத்தில் வியாழன், 31 என்று எழுதுங்கள். அந்த ஒரு நாள் கோட்டிங்காரரின் வாய்ச்சொல்லுக்கான இடைவெளி. மீதி 18ஐ மாட்ட ஆகஸ்ட் 1 வரை ஆகும். 2ஆம் தேதியைக் கைவசம் வையுங்கள், 3 ஞாயிறு, ஆக 4ஆம் தேதி திங்கள்.

கோட்டிங்காரரிடம் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். உரியும் பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சு ஏற்றக் கூடாது. பழையதை முழுவதும் நீக்க வேண்டும். நீக்கிய தகட்டை ஓர் இரவு வெறுமனே விட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் காலைக்குள் செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும். ஆகவே நீக்கிய அன்றே பாஸ்பேட் ஏற வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள்.

ஜீரோ கேட் டிரான்ஸ்போர்ட் | பிற்பகல் 3.00

நான் சொன்ன காரணம் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வண்டியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்: எந்த நேரத்தில் இறக்குவீர்கள் என்றும் எழுதுங்கள். பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் வண்டியை நிறுத்தி அலமாரி இறக்க முடியாது. காலை 10லிருந்து 1 வரை நல்லது. மேலும், விலையில் ஏதாவது குறைத்துக்கொள்வதாக எழுதாவிட்டால் வெறும் மன்னிப்பு எடுபடாது என்பது என் அனுபவம்.

மின்ட் தெரு அச்சகம் | பிற்பகல் 3.25

விலைக் குறைப்பை முதல் கடிதத்திலேயே எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கேட்டது அலமாரி. நீங்கள் பணத்தை நீட்டினால், "சரி, இதோடு முடித்துக்கொள்வோம்" என்று சொல்வது போலாகிவிடும். அவருக்கு உண்மையாகவே செலவு ஏற்பட்டால், மூன்று முறை இறக்குவதற்கான ஆட்கூலி போன்றவை, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜீரோ கேட் டிரான்ஸ்போர்ட் | பிற்பகல் 3.40

அம்மா, வியாபாரத்தில் நீட்டிய கையை யாரும் தவறாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவரவர் அனுபவம்.

வியாசர்பாடி பட்டறை | மாலை 5.15

எல்லோர் கருத்தையும் வைத்துக்கொண்டு மீண்டும் எழுதினேன். கடிதத்தின் தலைப்பு: "40 அலமாரிகள்: ஜூலை 25இல் 14, ஜூலை 31இல் 8, ஆகஸ்ட் 4இல் 18".

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு வணக்கம்.

இன்று காலை தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். ஜூலை 25ஆம் தேதி 40 அலமாரிகளையும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்; அன்று 14 மட்டுமே தர இயலும். மற்ற 26 அலமாரிகளின் பூச்சு எங்கள் சோதனையில் தேறவில்லை. அப்படியே அனுப்பினால் சில மாதங்களில் உரிந்து துருப்பிடிக்கும் என்பதால், பூச்சை முழுவதும் நீக்கி மறுபடியும் செய்யக் கொடுத்திருக்கிறேன். வெளியில் செய்யும் வேலையை முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டியது என் பொறுப்பு. அதில் தவறியதற்கு வருந்துகிறேன்.

ஜூலை 25, வெள்ளிக்கிழமை 14 அலமாரிகளும், ஜூலை 31, வியாழக்கிழமை 8 அலமாரிகளும் காலை 10 மணியிலிருந்து 1 மணிக்குள் இறக்கித் தரப்படும். ஆகஸ்ட் 1ஆம் தேதி குடிவரும் 22 பேருக்கும் இதனால் அலமாரி இருக்கும். மீதி 18 அலமாரிகளை ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை அதே நேரத்தில் தருகிறேன். மூன்று முறை ஏற்றி இறக்கும் செலவு என்னுடையது. முதலில் எந்தத் தளத்திற்கு வேண்டும் என்று தாங்கள் சொன்னால் அங்கேயே வைத்துத் தருவார்கள்.

ஜூலை 29ஆம் தேதி மாலை 5 மணிக்கு வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை நானே தங்களுக்குத் தெரிவிக்கிறேன். இந்தத் தேதிகள் தங்களுக்கு ஏற்புடையவை என்றால் ஒரு வரி பதில் எழுதினால் போதும். மாற்ற வேண்டுமானாலும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,"

கொள்முதல் மேசை | மாலை 6.00

அனுப்பலாம். ஒரே ஒரு திருத்தம்: "இறக்கித் தரப்படும்" என்பதை "இறக்கித் தருகிறேன்" என்று மாற்றுங்கள். 29ஆம் தேதி மாலை 5 மணி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தவறவிடாதீர்கள். நல்ல செய்தி இல்லாவிட்டாலும், இல்லை என்று சொல்லவாவது அழைக்க வேண்டும்.

வியாசர்பாடி பட்டறை | ஜூலை 30, புதன், இரவு 9.00

தகவலுக்காக எழுதுகிறேன். "தேதிகள் சரி, இரண்டாம் தளத்திற்கு முதலில்" என்று அன்றிரவே பதில் வந்தது. வெள்ளிக்கிழமை 14ம் போய்ச் சேர்ந்தன. கோட்டிங் திங்களன்று வரவில்லை; செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வந்தது. ஐயா விட்டு வைக்கச் சொன்ன ஒரு நாள் அதோடு தீர்ந்தது. ஐந்து மணிக்கு அம்மையாரை அழைத்து, பூச்சு வந்துவிட்டது, சோதித்துவிட்டேன், 31 மாறாது என்றேன். இன்று எட்டு மாட்டி முடித்தாயிற்று.

வியாசர்பாடி பட்டறை | ஆகஸ்ட் 4, திங்கள், இரவு 8.15

கடைசி 18ம் இன்று இறங்கின. ஒன்றைப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஏற்றும்போது பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்திற்குக் கீறல் விழுந்துவிட்டது. அவர் பார்ப்பதற்கு முன் நானே காட்டி, புதன்கிழமை காலை 11 மணிக்கு ஆள் வந்து சரிசெய்வார் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். மீதித் தொகையை அதற்குப் பிறகு தருவதாகச் சொன்னார். விலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.